பாரெட் உணவுக்குழாய்: அடுத்த எண்டோஸ்கோப்பி இரண்டு ஆண்டிலா, மூன்றிலா, ஐந்திலா, அல்லது தொல்லை வந்தால் மட்டுமா?

ஐம்பத்தெட்டு வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டுகளாக அவருக்கு நெஞ்செரிச்சல் உண்டு; இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை வரும். மாத்திரை எடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். ஒருவழியாக எண்டோஸ்கோப்பி செய்துகொள்கிறார். அறிக்கையில் ‘பாரெட் உணவுக்குழாய், C2M4’ என்றும், பயாப்சி முடிவில் ‘குடல்வகைத் திசுமாற்றம் உள்ளது, டிஸ்பிளேசியா இல்லை’ என்றும் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் முன் இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன: இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்ப்பது, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்ப்பது, ஐந்து ஆண்டுகள் காத்திருப்பது, அல்லது புதிதாக ஏதேனும் அறிகுறி தோன்றினால் மட்டும் பார்ப்பது. பயந்துபோனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கக் கேட்பதுண்டு. அறிக்கையைக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு.

இவருக்கு மூன்று ஆண்டு இடைவெளியே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் அந்த எண்ணைவிட முக்கியமானவை இரண்டு இருக்கின்றன: கண்டறிதல் சரியாகச் செய்யப்பட்டதா என்பதும், ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோப்பி எவ்வளவு கவனமாகச் செய்யப்படுகிறது என்பதும். இடைவெளியை ஒப்பிடுவதற்கு முன் உணவுக்குழாய்க்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்தோலில் நிகழும் மாற்றம்

உணவுக்குழாயின் உட்புறத்தை இயல்பில் மூடியிருப்பது தட்டையான செதிள் செல்களாலான பல அடுக்குத் தோல். உராய்வை அது நன்றாகத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. இரைப்பையின் மேல்வாய் இறுக்கம் தளர்ந்து, பல ஆண்டுகளாக அமிலமும் பித்தநீரும் மேலேறிக்கொண்டே இருந்தால் கீழ்ப்பகுதித் தோல் மீண்டும் மீண்டும் புண்ணாகி ஆறுகிறது. சிலருக்கு, ஆறும்போது பழைய செதிள் செல்கள் திரும்பாமல், குடலின் உட்சுவரில் இருப்பவை போன்ற தூண்வடிவச் செல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றினிடையே சளியைச் சுரக்கும் கிண்ணவடிவச் செல்களும் காணப்படும். எண்டோஸ்கோப்பியில் வெளிறிய முத்துநிறமாகத் தெரிய வேண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிவது இதனால்தான்.

1950-இல் லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் இதைப் பற்றி எழுதியபோது, பிறவியிலேயே குட்டையான உணவுக்குழாய் காரணமாக மார்புக்குள் இழுக்கப்பட்ட இரைப்பையே இது என்று கருதினார். 1953-இல் அலிசன், ஜான்ஸ்டோன் என்ற இருவர், அது உணவுக்குழாய்தான், உள்தோல்தான் மாறியிருக்கிறது என்று காட்டினர். சில ஆண்டுகளில் பாரெட்டும் அதை ஏற்றார். பெயர் மட்டும் அவருடையதாகவே நின்றுவிட்டது.

புதிய தோல் அமிலத்தை நன்றாகத் தாங்குகிறது. அதனால் சிலருக்கு இந்த மாற்றம் ஏற்பட்ட பின் நெஞ்செரிச்சல் குறைந்தும்போகிறது. எரிச்சலின் கடுமையை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியாததற்கு இது ஒரு காரணம். ஆனால் இந்தத் தோலின் செல்களில் மரபணுப் பிழைகள் சேரும் வாய்ப்பு கூடுதல். பிழைகள் சேரச் சேரச் செல்களின் வடிவமும் அடுக்கும் குலைகின்றன. அந்தக் குலைவைத்தான் டிஸ்பிளேசியா என்கிறார்கள். முதலில் தாழ்நிலை, பிறகு உயர்நிலை, அதன்பின் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய். இது ஒவ்வொருவருக்கும் நிகழும் பயணம் அன்று; பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் முதற்படியிலேயே இருந்துவிடுகிறார்கள். கண்காணிப்பின் நோக்கம், நகரத் தொடங்கும் சிலரை நடுப்படியில் பிடிப்பது.

இடைவெளிக்கு முன் கேட்க வேண்டியவை

பாரெட் என்று எழுதப்பட்ட எல்லாமே பாரெட் அன்று. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் இரண்டு நிறங்களும் சந்திக்கும் கோடு பலருக்கு நேராக இருக்காது. சற்று நெளிந்து, சிறு நாக்குகளாக மேலேறியிருக்கும். அந்த ஏற்றம் 1 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அதைப் பாரெட் என்று எண்ணக்கூடாது, கண்காணிக்கவும் வேண்டாம் என்பதே அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே தேவையற்ற பல எண்டோஸ்கோப்பிகள் நின்றுவிடும். அறிக்கையில் நீளமே குறிக்கப்படாமல் ‘பாரெட் போல் தெரிகிறது’ என்று மட்டும் இருந்தால், இடைவெளியைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

நீளத்தை எழுத ஒரு பொதுமுறை 2006 முதல் இருக்கிறது. ப்ராக் முறை என்பது அதன் பெயர். C என்பது நிறமாற்றம் வளையமாக, சுற்றிலும் முழுமையாக உள்ள உயரம். M என்பது நாக்குபோல் நீண்டு ஏறிய பகுதியின் உச்சிவரை உள்ள உயரம். இரண்டும் இரைப்பை மடிப்புகள் தொடங்கும் இடத்திலிருந்து செ.மீ. கணக்கில் அளக்கப்படும். நம் எடுத்துக்காட்டில் வளையம் 2 செ.மீ., நாக்கு 4 செ.மீ. இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மேலேறியிருக்கும் ஹையாடல் ஹெர்னியா உள்ளவர்களிடம், இந்தத் தொடக்க இடத்தைத் தவறாகக் குறித்துவிட்டால் ஹெர்னியாவையே பாரெட் என்று அளந்துவிட வாய்ப்புண்டு.

அடுத்தது புண். எண்டோஸ்கோப்பி செய்த அன்று உணவுக்குழாய் கடுமையாக வீங்கிப் புண்ணாகியிருந்தால், இரண்டு வகையான பிழைகள் நேரும். புண்ணுக்கு அடியில் இருக்கும் பாரெட் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அல்லது, புண் ஆறும் செல்களின் கலைந்த தோற்றத்தை நுண்ணோக்கியில் டிஸ்பிளேசியா என்று தவறாகப் படிக்கலாம். அதனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் அமிலத்தை அடக்கும் மாத்திரை கொடுத்து, புண் ஆறிய பின் மீண்டும் பார்த்து, பயாப்சி எடுத்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பயாப்சியில் என்ன வகைத் திசு இருந்தது என்பது. வட அயர்லாந்தின் பாரெட் பதிவேட்டை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், குடல்வகைத் திசுமாற்றம் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 0.38% பேரிடம் நோய் முற்றியது; அது இல்லாமல் இரைப்பைவகைத் தோல் மட்டும் இருந்தவர்களிடம் 0.07%. ஐந்து மடங்கு வேறுபாடு. இதனால்தான் பிரிட்டிஷ் இரைப்பைகுடல் மருத்துவச் சங்கம் 2014-இல் தந்த வழிகாட்டுதலில், 3 செ.மீ.க்குக் குறைவான நீளமும் இரைப்பைவகைத் தோலும் மட்டும் உள்ளவருக்கு இன்னொருமுறை எண்டோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, அவரைக் கண்காணிப்பிலிருந்து விடுவிக்கலாம் என்று கூறியது. அமெரிக்காவில் குடல்வகைத் திசு இல்லாவிட்டால் அதைப் பாரெட் என்றே அழைப்பதில்லை.

ஆபத்து எவ்வளவு?

இந்த நோயைப் பற்றி முதன்முறையாகத் தேடுகிறவர் கண்ணில் படுவது ‘பொதுமக்களைவிடப் பல மடங்கு ஆபத்து’ என்ற வாசகம். அது பொய்யில்லை, ஆனால் முடிவெடுக்க அது உதவாது, ஏனென்றால் பொதுமக்களிடம் அந்தப் புற்றுநோய் அவ்வளவு அரிது. உதவுவது ஆண்டுக் கணக்கில் சொல்லப்படும் உண்மையான விகிதம். பழைய ஆய்வுகள் ஆண்டுக்கு 0.5% என்றன. டென்மார்க்கின் நாடு தழுவிய பதிவேடுகளிலிருந்து 2011-இல் வெளிவந்த ஆய்வு அதை 0.12% என்று குறைத்தது. நீளத்தின்படி பிரித்துப் பார்த்தால், டிஸ்பிளேசியா இல்லாத குட்டைப் பாரெட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.06%, 3 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள நீண்ட பாரெட்டில் ஏறத்தாழ 0.3% என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

நம் எடுத்துக்காட்டு மனிதர் நீண்ட வகையைச் சேர்ந்தவர். ஆண்டுக்கு 0.3% என்றால், அவரைப்போன்ற நூறு பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்தால் சுமார் மூவருக்குப் புற்றுநோய் வரும். தொண்ணூற்றேழு பேருக்கு வராது. 2 செ.மீ. மட்டும் உள்ள நூறு பேரில் அதே பத்து ஆண்டுகளில் ஒருவருக்கு வருவதே அரிது. இரு குழுவினருக்கும் ஒரே இடைவெளியைப் பரிந்துரைப்பது நியாயமாகாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆண்களுக்கும், புகைப்பவர்களுக்கும், வயிற்றுப்பகுதியில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், நெருங்கிய உறவினருக்கு இதே நோய் இருந்தவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடும். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறையப் பாதி.

இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் வட ஐரோப்பிய, அமெரிக்க வெள்ளையரிடமிருந்து பெறப்பட்டவை என்பதை நம் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தெற்காசியரிடம் பாரெட் அவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு செதிள் செல் வகையைச் சேர்ந்தது. புகையிலையும் மதுவும் அதற்கு முதன்மைக் காரணங்கள், நெஞ்செரிச்சல் அன்று. புகையிலை மெல்லும் ஒருவர், பாரெட்டுக்காக ஒழுங்காகக் கண்காணிப்புக்குப் போய்வருவதால் அந்த மற்றொரு ஆபத்திலிருந்து தப்பிவிட்டதாக நினைத்துவிடக்கூடாது.

நான்கு வழிகளும் அருகருகே

வழிகாட்டுதல்கள் சொல்வதை முதலில் பார்ப்போம். அமெரிக்க இரைப்பைகுடல் மருத்துவக் கல்லூரி 2022-இல், டிஸ்பிளேசியா இல்லாதவர்களுக்கு 3 செ.மீ.க்குக் குறைவானால் ஐந்து ஆண்டு, 3 செ.மீ. அல்லது அதற்கு மேலானால் மூன்று ஆண்டு என்றது. 2023-இன் ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதே எல்லையையே வைத்து, 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீண்டவர்களை இதில் தேர்ந்த மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது. பிரிட்டன் சற்று நெருக்கமாகப் பார்க்கிறது: நீண்டதற்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு, குடல்வகைத் திசு உள்ள குட்டைக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. ஆண்டுக்கு ஒருமுறை என்பதை, டிஸ்பிளேசியா இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் பரிந்துரைக்கவில்லை.

கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் வந்தபோது அது ஆரம்பக்கட்டத்தில் பிடிபட்டது, அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. கேட்பதற்கு நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால் இந்த ஆய்வுகள் நடந்ததைத் திரும்பிப் பார்த்தவை. அவற்றில் இரண்டு ஏமாற்றங்கள் ஒளிந்திருக்கலாம். ஒருவரின் நோயை இரண்டு ஆண்டுகள் முன்னதாகக் கண்டுபிடித்துவிட்டு, அவர் இறக்கும் நாள் மாறாமலே இருந்தாலும், ‘கண்டறிந்த பின் வாழ்ந்த காலம்’ இரண்டு ஆண்டு கூடியதாகவே கணக்கில் வரும். மேலும், மெல்ல வளரும் கட்டிகள்தாம் இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட நீண்ட காலத்தில் சிக்குகின்றன. வேகமாக வளர்பவை இடையிலேயே அறிகுறியோடு வெளிப்பட்டுவிடுகின்றன. ஆகவே கண்காணிப்பில் சிக்கியவை இயல்பிலேயே சாதுவானவையாக இருக்கலாம்.

இந்த ஐயத்தைத் தீர்க்கவே பிரிட்டனில் பாஸ் என்ற சோதனை நடத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 3,400-க்கும் மேற்பட்ட பாரெட் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, மறு பாதிக்கு அறிகுறி வந்தால் மட்டும் என்று வைத்து, குறைந்தது பத்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். முடிவு 2025-இல் வெளியானது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப்பட்டவர்களில் 333 பேரும், தேவைப்பட்டபோது மட்டும் பார்க்கப்பட்டவர்களில் 356 பேரும் இறந்திருந்தார்கள். இது தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடுதான். உணவுக்குழாய் அடினோகார்சினோமா வந்தவர்கள் முறையே 40, 31 பேர். அதாவது, ஏறத்தாழ பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 690 பேர் இறந்த ஒரு குழுவில், இந்தப் புற்றுநோய் வந்தவர்களே 71 பேர்தாம். பாரெட் உள்ளவர்களில் பெரும்பாலோர் இதயம், நுரையீரல், வேறு புற்றுநோய் என்று பிற காரணங்களால்தான் இறக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கண்காணிப்பே வீண் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தேவைப்பட்டபோது மட்டும் என்ற குழுவிலும் பலர் இடையில் ஏதோ ஓர் அறிகுறிக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொண்டார்கள். எனவே இரு குழுக்களுக்கும் இடையிலான உண்மையான இடைவெளி ஏட்டில் உள்ளதைவிடச் சிறியது. சோதனை தொடங்கிய 2009-இல், தாழ்நிலை டிஸ்பிளேசியாவுக்கு இன்று தரப்படும் சிகிச்சை பரவியிருக்கவில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்தாலும் அதை வைத்துச் செய்ய முடிந்தது குறைவு. குறைந்த ஆபத்துள்ள குட்டைப் பாரெட்காரர்களும் நீண்ட பாரெட்காரர்களும் ஒன்றாகவே எண்ணப்பட்டார்கள். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: எல்லாரையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது எல்லாரையும் காப்பாற்றும் என்ற எண்ணத்துக்கு இனி ஆதாரம் இல்லை. இரண்டு ஆண்டு என்ற வழியை நான் ஒதுக்குவது இதனால்தான்.

மிஞ்சியிருப்பவை மூன்று. 2 செ.மீ. பாரெட் உள்ளவருக்கு ஐந்து ஆண்டு என்பது போதுமானது. அவர் வயதானவர், வேறு நோய்கள் உள்ளவர், எண்டோஸ்கோப்பியை வெறுப்பவர் என்றால், தேவைப்பட்டபோது மட்டும் என்று அவர் தேர்ந்தெடுப்பதும் நியாயமான முடிவே, அதற்கு அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. நீண்ட பாரெட்டும் நல்ல உடல்நிலையும் இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டு வாழும் வாய்ப்பும் உள்ள ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு மூன்று ஆண்டு. அவருக்கு நகரத் தொடங்கினால் நகர்வதற்கான காலமும், கண்டுபிடித்தால் அதைக் குணமாக்கும் வழியும் இருக்கின்றன.

எத்தனை முறை என்பதைவிட எப்படி என்பது

இடைவெளியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பாரெட் என்று கண்டறிந்த எண்டோஸ்கோப்பிக்குப் பின் வரும் புற்றுநோய்களை ஆராய்ந்த ஒரு தொகுப்பாய்வு, அவற்றில் ஏறத்தாழ கால்வாசி முதல் ஓராண்டுக்குள்ளேயே வெளிப்பட்டவை என்று கண்டது. ஓராண்டில் இல்லாத இடத்திலிருந்து புற்றுநோய் முளைத்துவிடவில்லை. அவை முதல் எண்டோஸ்கோப்பியின்போதே அங்கே இருந்து, கண்ணில் படாமல் போனவை. அவசரமாகப் பார்க்கும் ஆறு எண்டோஸ்கோப்பிகளைவிட நிதானமாகப் பார்க்கும் மூன்று மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

நிதானம் என்பதற்குக் கணக்கு உண்டு. பாரெட்டின் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிட்ட மருத்துவர்கள் சந்தேகத்துக்குரிய இடங்களைக் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. நம் மனிதருக்கு அது ஏறத்தாழ நான்கு நிமிடம், சளியையும் நுரையையும் கழுவிய பிறகு. உயர்துல்லியக் கேமராவும், நிறவடிகட்டி ஒளியோ அசெட்டிக் அமிலத் தெளிப்போ இருந்தால் மேடுபள்ளங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். முதலில் சந்தேகத்துக்குரிய மேட்டிலிருந்து தனியாகத் திசு எடுக்க வேண்டும். பிறகு சியாட்டில் முறைப்படி, ஒவ்வொரு 2 செ.மீ. உயரத்திலும் நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு துணுக்கு. முன்பு டிஸ்பிளேசியா இருந்திருந்தால் ஒவ்வொரு 1 செ.மீ.க்கும். C2M4 உள்ளவருக்கு வளையப் பகுதியிலேயே குறைந்தது எட்டுத் துணுக்குகளும், நாக்கின் மேற்பகுதியிலிருந்து மேலும் சிலவும் வரும். அறிக்கையில் இரண்டு துணுக்குகள் மட்டும் இருந்தால், ‘டிஸ்பிளேசியா இல்லை’ என்ற வாசகம் அந்த இரண்டு துணுக்குகளைப் பற்றியது மட்டுமே. ஒவ்வொரு உயரத்தின் துணுக்குகளும் தனித்தனிக் குப்பியில் எண்ணிட்டு அனுப்பப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஏதேனும் கிடைத்தாலும் எந்த இடத்தில் இருந்தது என்று திரும்பிப் போய்த் தேட முடியாது.

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில் சியாட்டில் முறை ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான் பின்பற்றப்பட்டிருந்தது. பாரெட் நீள நீள அது இன்னும் குறைந்தது. ஆபத்து கூடுதலானவர்களுக்கே சோதனை குறைவாக நடந்தது என்பது வருத்தம் தரும் உண்மை. காரணம் எளிது: நீளம் கூடினால் நேரம் கூடும், நேரத்துக்கு நெருக்கடி. அதனால் மூன்று ஆண்டு கழித்துப் போகும்போது, ‘இது பாரெட் கண்காணிப்புக்கான எண்டோஸ்கோப்பி’ என்று முன்கூட்டியே சொல்லி அதற்கேற்ற நேரத்தை ஒதுக்கக் கேட்பதும், பழைய அறிக்கையைக் கொண்டுபோவதும் வீண்வேலையல்ல.

தாழ்நிலை டிஸ்பிளேசியா வந்தால்

மூன்று ஆண்டு கழித்து நம் மனிதரின் ஒரு துணுக்கில் ‘தாழ்நிலை டிஸ்பிளேசியா’ என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே செய்ய வேண்டியது சிகிச்சை அன்று. அந்தக் கண்ணாடித்தகட்டை இரைப்பைகுடல் நோய்க்கூறியலில் தேர்ந்த இன்னொருவர் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பொது மருத்துவமனைகளில் தாழ்நிலை என்று படிக்கப்பட்டவற்றை வல்லுநர்கள் மறுபடி பார்த்தபோது நூற்றில் 85 பேரின் முடிவு கீழிறக்கப்பட்டது. அவர்களுக்குப் பின்னர் நோய் முற்றியதும் மிக அரிதாகவே இருந்தது. எஞ்சி உறுதியானவர்களிடம் ஆண்டுக்கு 13% அளவில் உயர்நிலைக்கோ புற்றுநோய்க்கோ நகர்ந்தது. ஒரே சொல் எழுதப்பட்ட இரண்டு அறிக்கைகளுக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு.

உறுதியானால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது. மற்றொன்று, எண்டோஸ்கோப்பி வழியாகவே ரேடியோ அலை வெப்பத்தால் அந்தத் தோலை எரித்து நீக்குவது. பிறகு அமிலம் அடக்கப்பட்ட சூழலில் புதிய செதிள் தோல் வளர்கிறது. 2014-இல் வெளியான சர்ஃப் சோதனையில் உறுதிசெய்யப்பட்ட தாழ்நிலை உள்ள 136 பேரை இப்படிப் பிரித்து மூன்று ஆண்டுகள் பார்த்தபோது, கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 26.5% பேர் உயர்நிலைக்கோ புற்றுநோய்க்கோ நகர்ந்தார்கள். வெப்பச் சிகிச்சை பெற்றவர்களில் 1.5% பேர். இந்த நிலையில் உள்ள நல்ல உடல்நலமுள்ளவருக்குச் சிகிச்சையே நல்ல தேர்வு என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் விலை, பல தடவை வந்துபோவதும், சிலருக்கு உணவுக்குழாய் சுருங்கிப் பலூன் வைத்து விரிக்க வேண்டிவருவதும், சிகிச்சைக்குப் பின்னும் கண்காணிப்பு தொடர்வதும். டிஸ்பிளேசியாவே இல்லாதவருக்கு, ‘வந்துவிடாமல் இப்போதே எரித்துவிடலாம்’ என்று இதே சிகிச்சையைச் செய்வதை வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. நூறில் தொண்ணூற்றேழு பேருக்கு வராத நோய்க்காக நூறு பேருக்கும் அந்தத் தொல்லையைக் கொடுப்பதாகிவிடும்.

அறிக்கையில் ‘டிஸ்பிளேசியா உண்டா என்று தீர்மானிக்க முடியவில்லை’ என்று வருவதும் உண்டு. அப்போது மாத்திரையின் அளவைக் கூட்டி, ஆறு மாதத்துக்குள் மீண்டும் பயாப்சி.

இடைப்பட்ட ஆண்டுகளில்

மாத்திரையை எடுப்பது நெஞ்செரிச்சலுக்கு மட்டுமல்ல. பிரிட்டனில் 2,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆஸ்பெக்ட் சோதனையில், எசோமெப்ரசோல் 40 மி.கி. நாளைக்கு இருமுறை எடுத்தவர்களுக்கு, 20 மி.கி. ஒருமுறை எடுத்தவர்களைவிட, மரணம், புற்றுநோய், உயர்நிலை டிஸ்பிளேசியா மூன்றையும் சேர்த்த கணக்கில் சிறிது பயன் இருந்தது. அதோடு ஆஸ்பிரினைச் சேர்த்தவர்களுக்குப் பயன் இன்னும் சற்று அதிகம். ஆனால் இரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் இதற்காகவென்றே ஆஸ்பிரினைத் தொடங்குவது மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. எதுக்களிப்புக்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் கண்காணிப்பு அப்படியே தொடர வேண்டும்; மாறிய தோல் அறுவைக்குப் பின்னும் அங்கேயே இருக்கிறது.

பிரிட்டனில் இப்போது, நூலில் கட்டிய மாத்திரை ஒன்றை விழுங்கவைத்து, அது வயிற்றில் கரைந்து பஞ்சாக விரிந்ததும் மேலே இழுத்து, வழியெங்கும் செல்களைச் சுரண்டி எடுக்கும் முறை கண்காணிப்பிலும் பயன்படத் தொடங்கியிருக்கிறது. செல்களின் வடிவக் குலைவும் பி53 என்ற புரதத்தின் மாற்றமும் அதில் தேடப்படுகின்றன. இரண்டும் இல்லாதவர் எண்டோஸ்கோப்பிக்குக் காத்திருக்கலாம், இருப்பவர் முன்னே அழைக்கப்படுவார். ஒரே இடைவெளியை எல்லார்மீதும் திணிப்பதைவிட இது அறிவார்ந்த வழி.

எந்த இடைவெளியைத் தேர்ந்திருந்தாலும், உணவு விழுங்கும்போது நடுவில் நிற்பது, காரணமின்றி எடை குறைவது, கறுத்த மலம், ரத்த வாந்தி, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று வந்தால், குறித்த தேதி அடுத்த ஆண்டில் இருக்கிறது என்று காத்திருக்கக்கூடாது.

கண்காணிப்பை நிறுத்தும் காலத்தையும் தொடக்கத்திலேயே பேசிவைப்பது நல்லது. எழுபத்தைந்தைத் தாண்டி, இதுவரை ஒருமுறையும் டிஸ்பிளேசியா வராதவருக்கும், கண்டுபிடித்தாலும் சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவருக்கும் அடுத்த எண்டோஸ்கோப்பியால் கிடைக்கப்போவது மிகக் குறைவு. நம் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு, எதுவும் மாறாமல் இருந்தால், அது மூன்று ஆண்டு இடைவெளியில் அறுபத்தொன்றில் தொடங்கி எழுபத்துமூன்றில் முடியும் ஐந்து எண்டோஸ்கோப்பிகள். இரண்டு ஆண்டு இடைவெளியில் அது எட்டாகியிருக்கும்.